கல்லா, மணலா, கொடியா?

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை நேரத்தில் நடக்கப் போகிறவர்கள் கடலைப் பார்த்தபடி கருங்கற்களின் மேல் உட்கார்ந்துகொள்வார்கள். முப்பது வயதுக்குட்பட்டவர்களுக்கு அந்தக் கற்குவியல்தான் புதுச்சேரி கடற்கரை. ஐம்பதைத் தாண்டிய உள்ளூர்க்காரரிடம் கேளுங்கள், வேறு கதை சொல்வார். காந்தி சிலைக்கு எதிரே மணலில் இறங்கி விளையாடியிருப்பார். அந்த மணலில் படகுகள் வரிசையாக ஏற்றி வைத்திருந்ததையும், கரைவலையின் இரண்டு கயிற்றையும் இருபக்கமும் ஆட்கள் நின்று இழுத்ததையும் பார்த்திருப்பார். அந்த மணல் சில ஆண்டுகளுக்குள் இல்லாமல் போனது.

கடல் அரிப்பைத் தடுக்க நம் முன்னால் பொதுவாக மூன்று வழிகள் வைக்கப்படுகின்றன. கல்லைக் கொட்டிச் சுவர் எழுப்பலாம். வேறு இடத்திலிருந்து மணலைக் கொண்டுவந்து கரையில் நிரப்பலாம். கரையின் மேட்டில் கொடியும் புல்லும் நட்டு மணல்மேட்டை வளர்க்கலாம். மூன்றையும் ஒரே தராசில் வைத்து எது மலிவு, எது நல்லது என்று விவாதிப்பதைக் கேட்டிருக்கிறேன். அந்த விவாதம் பாதியிலேயே தொடங்குகிறது என்பது என் கருத்து. மணல் எங்கே போனது, ஏன் வரவில்லை என்று முதலில் பார்க்க வேண்டும். அதைப் பார்க்கப் புதுச்சேரியைவிடத் தெளிவான இடம் நம் கரையில் குறைவு.

மணல் ஒரு கரையில் நிலையாக இருப்பதில்லை. அலை கரைக்கு நேராக வருவது அபூர்வம், பெரும்பாலும் சாய்வாகத்தான் வரும். சாய்வாக ஏறுகிற நீர் மணலைச் சாய்வாக மேலே தள்ளும். திரும்பும்போது சரிவின் போக்கில் நேராகக் கீழே இறங்கும். அடுத்த அலை மறுபடி சாய்வாகத் தள்ளும். இப்படி ரம்பப் பல்லைப் போல ஏறி இறங்கியே ஒவ்வொரு மணல்துகளும் கரையோரமாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. சோழமண்டலக் கரையில் மார்ச் முதல் அக்டோபர் வரை அலைகள் தெற்கிலிருந்து வருவதால் மணல் வடக்கே போகும். வாடைக்காற்று வீசும் மாதங்களில் சிறிது காலம் தெற்கே திரும்பும். ஆண்டு முழுவதற்கும் கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். அந்த மிச்சம் ஆண்டுக்குச் சில லட்சம் கன மீட்டர் இருக்கும். கரையை ஒட்டி ஒரு மணல் ஆறு வடக்கே ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த மணல் ஆற்றின் குறுக்கே 1980-களின் கடைசியில் ஒரு அணை விழுந்தது. அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகம் கட்டுவதற்காகக் கடலுக்குள் இரண்டு கல் அலைதாங்கிகளை நீட்டினார்கள். தெற்கிலிருந்து வந்த மணல் தெற்குப்பக்கத்து அலைதாங்கியில் முட்டி அங்கேயே சேர ஆரம்பித்தது. தெற்குக் கரை கடலுக்குள் வளர்ந்தது. வடக்குக் கரைக்கு மணல் வரவில்லை. ஆனால் வடக்கே இருந்த மணலை அலை வழக்கம்போல இன்னும் வடக்கே எடுத்துக்கொண்டு போனது. வரவு நின்று செலவு மட்டும் நடந்தால் கையிருப்பு எத்தனை நாளைக்கு வரும்? நகரத்தின் முன்னால் இருந்த கரை அப்படித்தான் கரைந்தது.

சென்னை துறைமுகம் வந்தபோதும் இதுவே நடந்தது. 1870-களில் அங்கே அலைதாங்கிகள் எழுந்த பிறகு தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே ராயபுரமும் அதற்கு அப்பாலும் அரிக்கப்பட்டன. அந்தப் பாடம் கையில் இருந்ததால் புதுச்சேரித் திட்டத்திலேயே மாற்று ஏற்பாடு யோசிக்கப்பட்டிருந்தது. தெற்கே சேரும் மணலை எடுத்துக் குழாய் வழியாக வடக்கே தள்ளிவிட வேண்டும் என்பதுதான் அது. அது எண்ணியபடி முறையாக நடக்கவில்லை. இந்தக் கட்டுரையின் மீதி முழுவதும் அந்த ஒரு வேலை நடக்காததன் விளைவுதான்.

மணல் போனதும் அலை நேராகச் சாலையின் காலடியில் மோதியது. கல்லைக் கொட்டினார்கள். அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன். சுவருக்குப் பின்னால் ஒரு நகரம் இருக்கிறது, நூற்றாண்டுகள் கடந்த கட்டடங்கள் இருக்கின்றன. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது பழைய நகரப் பகுதி பெரிய சேதமில்லாமல் தப்பியதற்கு அந்தக் கல்சுவர் ஒரு காரணம். அதே நாளில் அதே ஒன்றியப் பிரதேசத்தின் மீனவர் குப்பங்கள் உயிர்களை இழந்தன. நகர்த்த முடியாத ஒன்று கரையோரம் இருந்து, அலை அதைத் தொட்டுவிட்டால், சுவரைத் தவிர உடனடி மருந்து வேறு இல்லை.

ஆனால் சுவர் எதைக் காப்பாற்றுகிறது என்பதில் நாம் ஏமாறக் கூடாது. அது பின்னால் இருக்கும் நிலத்தைக் காக்கிறது. முன்னால் இருக்கும் மணற்கரையைக் காக்காது. கரை பின்வாங்கிக்கொண்டிருக்கும் இடத்தில் ஒரு கோடு போட்டு ‘இதற்கு மேல் வராதே’ என்றால், கடல் அந்தக் கோடு வரைக்கும் வந்துவிடும். பின்வாங்கவும் இடமில்லாமல், புதிதாக மணலும் வராமல், இடைப்பட்ட கரை நீருக்கடியில் போகும். முன்பு சரிவான மணலில் உருண்டு தணிந்த அலை இப்போது கல்லில் மோதித் திரும்பும். திரும்பும் அலையின் வேகம் சுவரின் அடியில் இருக்கும் மணலைப் பறிக்கும். அடியில் பள்ளம் விழ விழ அங்கே நீர் ஆழமாகும். ஆழமான நீரில் இன்னும் பெரிய அலை உடையாமல் சுவர் வரை வரும்.

நல்ல கல்சுவர் என்பது லாரியில் கல்லைக் கொண்டுவந்து சரித்துவிடுவது இல்லை. அடியில் மணலைத் தாண்டி நீர் மட்டும் போகக்கூடிய வடிகட்டும் துணி விரிக்க வேண்டும். அதன் மேல் சிறு கற்கள், அதற்கு மேல் டன் கணக்கில் எடையுள்ள பெருங்கற்கள். கடலை நோக்கிச் சாய்வு மெதுவாக இறங்க வேண்டும். அடிப்பகுதி மணல் பறிபோனாலும் சரிந்து விழுந்து இடத்தை அடைத்துக்கொள்ள, காலடியில் கூடுதல் கற்கள் போட்டு வைக்க வேண்டும். அவசரத்தில் கொட்டும்போது முதலில் விட்டுப்போவது அந்த வடிகட்டி அடுக்குதான். அது இல்லையென்றால் ஒவ்வொரு அலையும் கல் இடுக்கு வழியாகப் பின்பக்கத்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி எடுக்கும். வெளியிலிருந்து பார்த்தால் சுவர் நன்றாகத்தான் இருக்கும். அடுத்த முறை ஏதாவது கல்சுவர் ஓரமாக நடக்கும்போது கல்லைப் பார்க்காமல் அதற்குப் பின்னால் இருக்கும் தரையைப் பாருங்கள். நடைபாதை ஓரத்தில் கிண்ணம் போலக் குழி விழுந்திருந்தால், ஓடுகள் ஒருபக்கமாகச் சரிந்திருந்தால், கல்வரிசையின் மேல்விளிம்பு ஓரிடத்தில் மட்டும் தாழ்ந்திருந்தால், அந்த இடத்தில் சுவர் அடியில் காலியாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். புயல் வரும் இரவில் முதலில் அங்கேதான் உடையும்.

சுவரின் பெரிய தீமை அது முடியும் இடத்தில் தெரியும். சுவர் நிற்கும் நீளம் முழுக்க அலைக்கு எடுத்துப்போக மணல் கிடைக்காது. சுவர் முடிந்ததும் முதலில் கிடைக்கும் வெறுங்கரையிலிருந்து அந்தப் பற்றாக்குறையையும் சேர்த்து அலை எடுத்துக்கொள்ளும். அரிவாள் வளைவு போலக் கரை உள்ளே குடைந்திருப்பதை எந்தச் சுவரின் வடகோடியிலும் பார்க்கலாம். புதுச்சேரியில் இந்த வளைவு நகர்ந்துகொண்டே போனது. நகரத்துச் சுவர் முடிந்த பிறகு குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று மீனவர் பகுதிகள். அங்கேயும் கல் கொட்டப்பட்டது. அதற்கு வடக்கே மாநில எல்லை வந்துவிடுகிறது. விழுப்புரம் மாவட்டத்தின் கோட்டக்குப்பம் பகுதி, தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று பாதிப்பு ஏறியது. துறைமுகம் ஓர் அரசின் கீழ், வீடிழந்தவர்கள் வேறோர் அரசின் கீழ். எல்லைக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று கவலைப்பட யாருக்கும் கடமை இல்லாமல் போய்விட்டது.

அந்தக் குப்பங்களில் நிற்கும்போதுதான் சுவரின் விலை புரியும். வீட்டைக் காப்பாற்றுவதற்காகக் கல்லைக் கேட்டு மறியல் செய்கிறவர்கள் மீனவர்கள்தான். கல் வந்த பிறகு படகை ஏற்ற இடமில்லாமல் தவிக்கிறவர்களும் அவர்கள்தான். ஃபைபர் படகைக் கரையேற்ற மணற்சரிவு வேண்டும். கரைவலை இழுக்க நூறு அடியாவது நிற்க இடம் வேண்டும். கருவாடு காயவைக்க, வலையை விரித்துப் பொத்தல் தைக்க, பெண்கள் மீனைக் கூறுகட்டி விற்க, எல்லாவற்றுக்கும் அந்த மணல்தான் இடம். கல்லுக்கு நடுவே இறங்கும்போது படகின் அடிப்பாகம் கிழியும், ஆளுக்குக் கால் முறியும். கடற்கரை அவர்களுக்குத் தொழிற்கூடம். சுவர் கட்டும் மதிப்பீட்டில் அந்தத் தொழிற்கூடத்தின் விலையைச் சேர்த்து எழுதியதை நான் பார்த்ததில்லை.

இரண்டாவது வழிக்கு வருவோம். மணலைக் கொண்டுவந்து நிரப்புவது. இதைக் கேட்டவுடன் பலரும் சிரிப்பார்கள்: கடலில் மணலைக் கொட்டினால் கடல் கொண்டுபோய்விடாதா? கொண்டுபோகும். போகத்தான் கொட்டுகிறோம். வரவு நின்ற இடத்தில் வரவை மீண்டும் தொடங்குவது இது. வடக்கே போகிற வழியில் அந்த மணல் அடுத்த ஊருக்கும் உதவும். சுவர் அடுத்த ஊரிடமிருந்து எடுக்கிறது, மணல் அடுத்த ஊருக்குக் கொடுக்கிறது. இந்த வித்தியாசம் ஒன்றே என்னை மணலின் பக்கம் நிற்க வைக்கிறது.

எவ்வளவு மணல் வேண்டும் என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். ஒரு கிலோமீட்டர் நீளக் கரையை 30 மீட்டர் அகலப்படுத்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 1000 மீட்டரை 30 மீட்டரால் பெருக்கினால் பரப்பு வரும். ஆழம்? நாம் காலால் மிதிக்கும் மணல் கரையின் மேல்பகுதி மட்டுமே. அலை மணலைக் கலக்கி நகர்த்தும் வேலை நீருக்கடியிலும் நடக்கிறது. தோராயமாக நீர்மட்டத்துக்கு மேல் 2 மீட்டர், கீழே 6 மீட்டர், ஆக 8 மீட்டர் உயரம் உள்ள சரிவு முழுவதுமே ஒரே கரை. அந்தச் சரிவு முழுவதையும் 30 மீட்டர் முன்னே தள்ள வேண்டும். 1000, 30, 8 மூன்றையும் பெருக்கினால் 2,40,000 கன மீட்டர். ஒரு லாரிக்குப் பத்து கன மீட்டர் என்றால் 24,000 லாரி. அதனால்தான் இந்த வேலையை லாரியில் செய்ய மாட்டார்கள். கடலடியில் மணலை உறிஞ்சும் தூர்வாரும் கப்பலை நிறுத்தி, நீரோடு கலந்த மணலைக் குழாய் வழியாகக் கரைக்குத் தள்ளுவார்கள்.

இந்தக் கணக்கு புரிந்தால் இன்னொரு குழப்பமும் தீரும். மணல் நிரப்பிய கரை முதல் சில மாதங்களிலேயே பாதியாகச் சுருங்கிவிடும். ‘கோடி கோடியாகக் கடலில் போட்டார்கள்’ என்று பேச்சு கிளம்பும். நடந்தது என்னவென்றால், குழாயிலிருந்து விழும் மணல் முழுவதும் மேல்பகுதியிலேயே செங்குத்தாகக் குவிந்திருக்கும். அலை அதைத் தன் விருப்பப்படி சரிவாகப் பரப்பி, நீருக்கடியில் சேர வேண்டிய பங்கை அங்கே சேர்க்கும். கண்ணுக்குத் தெரியும் அகலம் குறையும். மணல் பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கும், நீருக்கடியில் அலையை முன்கூட்டியே உடைத்துக்கொண்டு. உண்மையிலேயே மணல் போய்விட்டதா, பரவித்தான் கிடக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் கரையை மட்டும் அளந்தால் போதாது. படகில் போய்க் கடலடியின் ஆழத்தையும் அளக்க வேண்டும். எந்த ஊரிலாவது மணல் நிரப்பும் திட்டம் வந்தால், அதில் கடலடி அளவெடுக்கப் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள். ஒதுக்கவில்லையென்றால் வேலை வென்றதா தோற்றதா என்று யாராலும் சொல்ல முடியாது.

மணல் என்றால் எந்த மணலும் ஆகாது. ஏற்கெனவே கரையில் இருக்கும் மணலுக்குச் சமமான பருமன், அல்லது சற்றே பெரிய துகள் வேண்டும். முகத்துவாரத்தில் தூர்வாரும்போது வண்டலும் சேறும் கலந்து வரும். நுண்துகள் நீரில் மிதந்து முதல் புயலோடு காணாமல் போகும். கையில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீர் நிறைந்த கண்ணாடிக் குவளையில் போட்டுக் கலக்கிப் பாருங்கள். கடற்கரை மணல் சில நொடிகளில் அடியில் உட்கார்ந்துவிடும். நெடுநேரம் நீர் கலங்கியே இருந்தால், அந்த மணலுக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு கலங்கலுக்குத்தான் போகிறது.

புதுச்சேரியில் 2018 வாக்கில் இந்த வழியை முயன்றார்கள். சென்னையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் வடிவமைத்தது. தலைமைச் செயலகத்துக்கு அருகே, கரையை ஒட்டிக் கடலுக்குள் எஃகினால் ஆன ஆப்பு வடிவப் பெரும் கட்டமைப்பு ஒன்றை மூழ்கவைத்தார்கள். நீருக்கடியில் அது ஒரு செயற்கைப் பாறைத்திட்டு. அதைத் தாண்டி வரும் அலை வலுவிழக்கும், வலுவிழந்த அலை மணலைக் கீழே போட்டுவிடும். கூடவே துறைமுக முகத்துவாரத்தில் தூர்வாரிய மணலையும் கரையில் சேர்த்தார்கள். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அந்த இடத்தில் மணல் வந்தது. குழந்தைகள் கால் நனைத்து விளையாடியதைப் பார்த்தபோது மனம் நிறைந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. கல்லால் மூடிய கரையைத் திரும்பப் பெற முடியும் என்பதற்கு நம் கண்முன் உள்ள சான்று அது.

ஆனால் அங்கேயே அதன் எல்லையும் தெரிகிறது. மூழ்கிய திட்டு மணலைப் பிடித்து வைக்கும், உண்டாக்காது. தெற்கிலிருந்து மணல் தொடர்ந்து வந்தால்தான் திட்டின் பின்னால் நிரம்பியது போக மிச்சம் வடக்கே போகும். தூர்வாரல் நின்றால், நகரத்துக்கு முன்னால் அழகான கரை இருக்கும், வடக்குக் குப்பங்களுக்கு இன்னும் குறைவாகத்தான் போய்ச் சேரும். நகரத்தார் கரை திரும்பி வந்ததைக் கொண்டாடிய பிறகும் கோட்டக்குப்பம் பக்கத்தில் வீடுகள் கடலில் விழுந்தது இதனால்தான். பலரும் பரிந்துரைக்கும் தூண்டில் வளைவுகளுக்கும் இது பொருந்தும். கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிய அந்தக் கல் விரல்கள் தமக்குத் தெற்கே மணலைச் சேர்க்கும், வடக்கே வளைவாகக் குடையும். மணல் ஆறே வறண்டிருக்கும்போது எத்தனை தூண்டில் போட்டாலும் சிக்குவதற்கு ஒன்றும் இல்லை.

அப்படியானால் ஒரு முறை நிரப்பினால் போதுமா? போதாது. தடை இருக்கும் வரை ஆண்டுதோறும் செய்ய வேண்டும். இது முடியாத காரியமில்லை. ஆஸ்திரேலியாவின் ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில் இதே நிலைதான் இருந்தது: அலைதாங்கிகள், தெற்கே மணல் குவியல், வடக்கே கோல்டு கோஸ்ட் கரைகளில் அரிப்பு. அங்கேயும் நடுவில் மாநில எல்லை ஓடுகிறது. நியூ சவுத் வேல்ஸும் குயின்ஸ்லாந்தும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, 2001 முதல் தெற்கே கடலுக்குள் ஒரு பாலம் நீட்டி, அதன் அடியில் பம்புகள் வைத்து, ஆண்டுக்குச் சுமார் 5 லட்சம் கன மீட்டர் மணலை ஆற்றின் அடியில் போகும் குழாய் வழியாக வடக்கே தள்ளுகிறார்கள். முதல் ஆண்டுகளில் அளவுக்கு மீறித் தள்ளியதால் கிர்ரா என்ற கரை மிகவும் அகலமாகி, அங்கே மணல் அதிகம் என்று மக்கள் புகார் சொன்னார்கள். நம் குப்பங்களில் அப்படி ஒரு புகார் வரும் நாளைக் காண ஆசையாக இருக்கிறது. அவ்வளவு தூரம் போவானேன், விசாகப்பட்டினத்தில் துறைமுகத்தால் தேங்கும் மணலை எடுத்து வடக்கே உள்ள ஆர்.கே. கடற்கரையில் கொட்டும் வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. நம் கிழக்குக் கரையிலேயே, நம் தூர்வாரும் கப்பல்களாலேயே நடக்கிற வேலை.

மூன்றாவது வழி கொடி. இது மூன்றிலும் மலிவு என்பதால் எல்லோரும் இதையே முதலில் கையில் எடுக்கிறார்கள், தவறான இடத்தில் நட்டுத் தோற்கிறார்கள்.

மணல்மேடு என்பது கரையின் சேமிப்பு. நல்ல நாட்களில் காற்று உலர்ந்த மணலைத் தூக்கி உள்ளே எறியும். பெரும்பாலான மணல் முழங்கால் உயரத்துக்கு மேல் எழும்பாது, தத்தித் தத்தித்தான் போகும். வழியில் ஒரு கொடி படர்ந்திருந்தால் அங்கே காற்றின் வேகம் குறையும், மணல் விழும். மணல் மூடினால் மற்றச் செடிகள் சாகும். கடற்கரைச் செடிகளோ மூட மூட மேலே வளரும். அடும்பு அப்படிப்பட்டது. ஆட்டுக்குளம்பு போல நடுவில் பிளந்த இலை, ஊதா நிறப் பூ, மணலுக்கு மேல் பல மீட்டர் ஓடி ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும். இன்னொன்று இராவணன் மீசை. முள்முள்ளாக விறைத்த இலைகள் கொண்ட அந்தப் புல்லின் உருண்டையான கதிர் முற்றியதும் உதிர்ந்து, காற்றில் பந்து போலக் கரை முழுக்க உருண்டு போகும். அதைத் துரத்தி ஓடாத கடலோரக் குழந்தை இருக்க முடியாது. உருண்டு போன இடத்தில் விதை விழும்.

புயல் வரும்போது அலை மேட்டை வெட்டும். அடுத்த நாள் பார்த்தால் கத்தியால் அறுத்தது போல ஆளுயரச் செங்குத்துச் சுவராக நிற்கும், பயமாக இருக்கும். ஆனால் வெட்டப்பட்ட மணல் சற்று தூரத்தில் கடலடியில் ஒரு வரப்பாகக் கிடந்து, அடுத்த அலைகளைத் தொலைவிலேயே உடைக்கிறது. புயல் ஓய்ந்த மாதங்களில் மெல்லிய அலைகள் அதைத் திரும்பக் கரையேற்றும். காற்று மறுபடி மேட்டுக்கு எடுத்துப்போகும், கொடி பிடித்துக்கொள்ளும். தேவைப்படும்போது உடைந்து, பிறகு தானே எழுந்து நிற்கும் காவல் இது. எந்தக் கல்சுவராலும் அது முடியாது.

இதற்கு நிபந்தனை ஒன்று உண்டு. காற்று எடுத்துப்போக உலர்ந்த மணல் வேண்டும். ஏற்ற நீர் தொடும் கோட்டுக்கும் கொடி நிற்கும் இடத்துக்கும் இடையே முப்பது நாற்பது மீட்டராவது காய்ந்த கரை இல்லையென்றால் மேடு வளராது. அலை கல்லைத் தொடும் இடத்தில் அடும்பு நட்டால் முதல் பௌர்ணமி ஏற்றத்திலேயே போய்விடும். ஆக, மணல் வரவு நின்ற கரையில் கொடி தனியாக ஒன்றும் செய்யாது. மணல் நிரப்பிய பிறகு, அந்த மணலைக் காற்று ஊருக்குள் வாரி இறைக்காமல் பிடித்து வைப்பதற்குக் கொடியைவிட நல்ல ஆள் கிடையாது.

நடுவதும் பெரிய வித்தையில்லை. வடகிழக்கு மழை தொடங்கும் சமயத்தில் முற்றிய கொடியை முழங்கை நீளத்துக்கு மூன்று நான்கு கணு இருக்கும்படி வெட்டி, மூன்றில் இரண்டு பங்கு மணலுக்குள் போகுமாறு சாய்த்துப் புதைக்க வேண்டும். இரண்டு அடிக்கு ஒன்றாக, ஒரு வரிசையின் இடைவெளியில் அடுத்த வரிசையின் செடி வரும்படி நட வேண்டும். காற்றுக்குக் குறுக்கே பனை ஓலைத் தட்டியை முழங்கால் உயரத்துக்கு அடித்தால், செடி வேர்பிடிக்கும் முன்பே மணல் சேரத் தொடங்கும். தட்டியில் காற்று கொஞ்சம் புகுந்து வர வேண்டும். முழுக்க அடைத்தால் காற்று சுழன்று அடியைப் பறித்துவிடும். ஆடு மாடு வராமல் ஓராண்டு காக்க வேண்டும். படகுக்கும் ஆளுக்கும் பாதை விட்டே ஆக வேண்டும். ஆனால் பாதையைக் கடலிலிருந்து நேராக விடாமல் சாய்வாக விட வேண்டும், இல்லையென்றால் காற்று அந்த வழியைக் குடைந்து மேட்டையே இரண்டாகப் பிளந்துவிடும்.

சவுக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடலோரம் மரம் என்றாலே நம் நினைவுக்கு வருவது சவுக்குதான், சுனாமிக்குப் பிறகு ஏராளமாக நட்டார்கள். உள்ளே தள்ளி நட்டால் காற்றைத் தடுக்கும், விறகு தரும், ஆட்சேபம் இல்லை. அதை மணல்மேட்டை நிரவிவிட்டு அதன் மேல் நடுவதுதான் தவறு. சவுக்கின் அடியில் விழும் ஊசி இலைகள் மெத்தை போல மூடி மற்றக் கொடிகளை வளரவிடாது. தரையோடு ஓடும் மணலை அந்த ஒற்றைத் தண்டு பிடிக்காது. கரை நெருங்கினால் வேர் வெளியே தெரிய வரிசையாகச் சாய்ந்து விழும். கடற்கரைக்கு முட்டையிட வரும் ஆமைகளுக்கும் இடம் போய்விடும். முன்வரிசையில் அடும்பும் இராவணன் மீசையும், பின்னால் தாழை, அதற்கும் பின்னால் பனையும் சவுக்கும் என்பதுதான் இந்தக் கரைக்குப் பழக்கமான வரிசை.

மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்த பிறகு என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரிப் பழைய நகரத்தின் சுவர் இருக்கட்டும், அதைப் பராமரிக்கட்டும். வடக்கே புதிதாக ஒரு மீட்டர் சுவர்கூடக் கட்டக் கூடாது. வீடு விழும் நிலையில் உள்ளவர்களுக்கு உடனே கல் தேவை என்றால் போடலாம். ஆனால் மணல் வருவதற்கான தேதி குறிக்காமல் போடும் கல் அடுத்த குப்பத்தை அடமானம் வைத்துப் போடுவது. துறைமுகத்துக்குத் தெற்கே ஆண்டுதோறும் எவ்வளவு மணல் சேர்கிறதோ அவ்வளவையும் ஆண்டுதோறும் வடக்கே அனுப்ப வேண்டும். அந்தச் செலவு துறைமுகத்தின் நடப்புச் செலவாக, மின்கட்டணம் போல, கணக்கில் ஏற வேண்டும். இரண்டு அரசுகளும் சேர்ந்து ஒரே அளவுகோலால் கரையையும் கடலடியையும் அளந்து மக்களுக்குச் சொல்ல வேண்டும். காய்ந்த கரை முப்பது மீட்டரைத் தாண்டும் இடங்களில் அடும்பு நடுவதை அந்தந்தக் குப்பத்துப் பஞ்சாயத்திடமே கொடுக்கலாம்.

ஆற்று மணலையும் மறந்துவிடக் கூடாது. இந்தக் கரைக்கு மணலைக் கொண்டுவந்தவை பெண்ணையாறும் கெடிலமும். அணையில் தேங்கியதும், வீடு கட்ட அள்ளியதும் போகத்தான் மிச்சம் கடலுக்கு வருகிறது. அந்த மிச்சத்தையாவது ஒரு சுவரின் பின்னால் தேங்கவிடாமல் போக வேண்டிய இடத்துக்கு அனுப்புவது நம் கையில் இருக்கிறது.

அடுத்த முறை புதுச்சேரி போனால் காந்தி சிலையோடு திரும்பிவிடாதீர்கள். வடக்கே தந்திராயன்குப்பம் வரை போய்க் கல்லுக்கும் வீட்டுக்கும் இடையே எத்தனை அடி மிச்சமிருக்கிறது என்று பாருங்கள். பிறகு துறைமுகத்துக்குத் தெற்கே போய் அலைதாங்கியின் ஓரம் நில்லுங்கள். வடக்கே காணாமல் போன மணல் அங்கே, சில கிலோமீட்டர் தொலைவில், குவிந்து கிடக்கிறது.